உதயசூரியனும் ஆரஞ்சு ஒயரும்

ஆலங்குடிப் பக்கம் எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் முதலில் கூப்பிடுவது உதயசூரியனைத்தான். கத்தாரில் பதினோரு வருஷம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவன். அங்கே வண்டி நடுவழியில் நின்றால் பாலைவனத்தில் யாரைக் கூப்பிடுவது? தானே கழற்றி, தானே மாட்டிப் பழகிவிட்டான். ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. போர் மோட்டார், மிக்ஸி, டிவிஎஸ் ஃபிஃப்டி, கடலை உடைக்கிற மிஷின் என்று எதைக் கண்டாலும் ஸ்குரூ டிரைவரோடு போய் உட்கார்ந்துவிடுவான். "இவருக்கு மூடின சாமானைப் பாத்தா தூக்கம் வராது" என்பாள் மனைவி பரிமளா. அவள் சொல்வதில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். வீட்டு மிக்ஸியை இரண்டு தடவை கழற்றி மாட்டியதில் மூன்று ஸ்குரூ மிச்சம் வந்தது அவளுக்குத்தான் தெரியும்.

அவன் வாயும் சும்மா இருக்காது. பக்கத்துத் தோப்பு ஆண்டியப்பனின் போர் மோட்டார் போன வருஷம் அடிக்கடி ட்ரிப் ஆகித் தானாக நின்றது. ஆண்டியப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டர் பட்டன் வெளியே வராதபடி ஒரு தென்னங்குச்சியைச் செருகிக் கட்டிவிட்டார். நாலாம் நாள் ஈரத்தரையில் நின்ற அவருடைய செவலைப் பசு துடித்து விழுந்து செத்தது. ஊரே பரிதாபப்பட்டபோது உதயசூரியன் மட்டும் டீக்கடையில் நின்று பிரசங்கம் செய்தான். "ட்ரிப் ஆவுதுன்னா மோட்டார் ஒங்ககிட்ட எதையோ சொல்லுதுன்னு அர்த்தம்ணே. அது வாயைக் கட்டிட்டு நீங்க தண்ணி பாச்சினா, மாடு சாவாம என்ன செய்யும்?" ஆண்டியப்பன் டீக்காசை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த டீக்கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

இரண்டு வருஷம் முன்பு உதயசூரியன் எலெக்ட்ரிக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். கல்யாணம், காதுகுத்து, திருச்சி ஏர்போர்ட் என்று எல்லாச் சவாரிக்கும் போவான். ஆனால் செவ்வாய், வியாழன், சனி மட்டும் எவ்வளவு பெரிய சவாரி வந்தாலும் மறுத்துவிடுவான். அந்த நாட்களில் செங்கமலத்தைப் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செங்கமலம் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். பஸ்ஸில் போய்வந்த காலத்தில் ஒருநாள் திரும்பும்போது திருவரங்குளம் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தார். அன்று அந்த வழியாக வந்து, காரில் தூக்கி ஏற்றிக்கொண்டு போனவன் உதயசூரியன்தான். அதன்பிறகு அவருக்கு வேறு வண்டி சரிப்படவில்லை. "பெட்ரோல் வண்டின்னா உதறல்லயே எனக்கு வாந்தி வந்துரும் தம்பி. ஒன் வண்டி சத்தமில்லாம, குலுங்காமப் போவுது" என்பார். திரும்பி வரும்போது பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருவார். ஒரு மனுஷி தன்னை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதில் உதயசூரியனுக்கு யாரிடமும் சொல்லாத கர்வம் இருந்தது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தன் தோப்பில் போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பிடித்து வண்டியைக் கழுவினான். கழுவினான் என்றால் கார் கம்பெனிக்காரன் பார்த்தால் அழுதுவிடுவான். பானட்டைத் திறந்து உள்ளேயும் அடித்தான். "பூஜை அன்னைக்கு சந்தனம் வைக்கிற எடம் பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்று அதற்கொரு நியாயம் வேறு. கழுவி முடித்ததும் கத்தார் பழக்கம் வந்தது. அங்கே டேங்கரைக் கழுவினால் ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றித் துடைத்து மாட்டுவது அவன் வழக்கம். இங்கே பானட்டுக்குள் தடியாக ஆரஞ்சு ஒயர்கள் இருந்தன. ஆரஞ்சு என்றால் பெரிய வோல்டேஜ், தொடக்கூடாது என்று வண்டி வாங்கின நாளே சொல்லித்தான் கொடுத்தார்கள். அவனும் சும்மா தொடவில்லையாம். முதலில், விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் தரும் சின்ன பேட்டரியின் டெர்மினலைக் கழற்றி, வண்டியைத் 'தூங்க' வைத்துவிட்டுத்தான் ஏசி கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு கனெக்டரின் லீவரைத் தூக்கினான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்தாலும் துணியால் துடைத்தான். திரும்ப அழுத்தியபோது கொஞ்சம் முரண்டு பிடித்தது. இன்னும் அழுத்தினான். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. மறுநாள் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று எல்லாம் ஜாம்ஜாமென்று நடந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, செங்கமலத்தை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது முதல் மழை பிடித்தது. சாலையெல்லாம் தண்ணீர். வல்லத்திராக்கோட்டைப் பிரிவைத் தாண்டவில்லை, டேஷ்போர்டில் மணியடித்தது. 'சர்வீஸ் ரெக்வயர்டு. லிமிடெட் பவர்' என்று எழுத்து வந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டிபோலத்தான் போனது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே அவன் பரம்பரையைத் திட்டினான். ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தான்.

அந்த நிமிஷமே அவன் மனசில் ஆரஞ்சு கனெக்டர் வந்து நின்றது. அவன் அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டான்.

மறுநாள் நல்ல வெயில். வண்டி காய்ந்திருந்தது, டேஷ்போர்டில் வந்த செய்தி மட்டும் போகவில்லை. சின்ன பேட்டரி டெர்மினலைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினான். கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது, ரேடியோவில் பதித்து வைத்த ஸ்டேஷன்கள் எல்லாம் அழிந்தன. செய்தி மட்டும் அப்படியே இருந்தது. ஆலங்குடியில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் அரவிந்த்குமாரிடம் போனான். அவன் ஸ்கேனரைச் செருகி, செல்போனில் பார்த்து, 'கிளியர்' அமுக்கினான். வண்டி பதித்து வைத்திருந்த மூன்று எரர் கோடில் இரண்டு போனது. மூன்றாவது அசையவில்லை.

"அண்ணே, இது இன்சுலேஷன் கோடு, கரன்ட் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். பெரிய பேட்டரி கம்ப்யூட்டர் உள்ள பூட்டி வச்சிருக்கு. எங்க ஸ்கேனருக்கெல்லாம் அது கதவைத் திறக்காது. ஷோரூம் டூல்தான் வேணும்" என்றான் அரவிந்த்குமார்.

"பெட்ரோல் வண்டில இப்படியா பண்ணுது? ஒயரைக் கழட்டி மாட்டினா சரியாப் போயிரும். இது என்ன பிடிவாதம்?"

"பிடிவாதம்தாண்ணே. எனக்கும் பாத்தா பயமாத்தான் இருக்கு. நீங்க ஓட்டாதீங்க."

கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்களும் அதையே சொன்னார்கள். மறுநாள், வியாழக்கிழமை காலை, வண்டியைத் தூக்கிப்போக ஒரு லாரி வந்தது. உதயசூரியன் லாரியின் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான், அவன் கார் பின்னால் மேலே உட்கார்ந்தது. ஆலங்குடிக் கடைவீதி முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது. டீக்கடை வாசலில் யாரோ, "என்ன உதயா, வண்டிக்குக் கால் வலியா?" என்று கத்தினார்கள். சிரித்தவர்களில் ஆண்டியப்பன் இல்லை. அவர் எதிர்ப்பக்கம் உரக்கடை முன்னால் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைவிட இந்தப் பார்வைதான் உதயசூரியனைக் குத்தியது.

போகிற வழியில் செங்கமலத்துக்குப் போன் செய்தான். "அக்கா, போறதுக்கு ஆட்டோ சொல்லிட்டேன், திரும்பி வாரதுக்கு நான் வந்துருவேன். வண்டி சாயங்காலத்துக்குள்ள ரெடியாயிரும்."

"ஆட்டோ குலுங்குமே தம்பி. பரவாயில்ல, போறப்பத் தாங்கிக்கிறேன். வர்றப்ப நீ வந்துரு."

சர்வீஸ் சென்டர் திருக்கோகர்ணம் பக்கம் இருந்தது. அங்கே பெரிய வோல்டேஜைத் தொட அனுமதி உள்ளவள் வைஷ்ணவி ஒருத்திதான். பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து வந்தவள். லேப்டாப்பை வண்டியோடு ஒயரில் இணைத்து, தன் பேரையும் கடவுச்சொல்லையும் போட்டு, இன்டர்நெட்டில் கம்பெனி சர்வரோடு சேர்த்தாள். உதயசூரியன் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்மா, நீங்க அமுக்கப் போறதும் அதே கிளியர் பட்டன்தானே? அதை எங்க ஊர் ஆளுகிட்டயும் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

"பட்டன் அமுக்குறது கடைசி வேலைங்க சார். அதுக்கு முன்னாடி வண்டி என்கிட்ட டெஸ்ட் கேக்கும். இந்த பேட்டரியில முந்நூறு வோல்ட்டுக்கு மேல இருக்கு. அந்தக் கரன்ட் தன்னோட ஒயருக்குள்ளயே சுத்தணும், வண்டி பாடிக்கு வரக்கூடாது. ஓடிக்கிட்டு இருக்குறப்பவே வண்டி அதை அளந்துகிட்டே இருக்கும். கசிவு இருக்குன்னு தெரிஞ்சா பவரைக் குறைச்சிட்டு, அதை அழியாத மாதிரி உள்ள எழுதி வச்சிரும்."

"போர் மோட்டாருக்கு மெக்கர் மீட்டர் போட்டு எர்த் ஆவுதான்னு பாக்குற மாதிரி."

"அதேதாங்க! நானும் இப்ப மெக்கர்தான் போடப் போறேன்." அவள் முகம் மலர்ந்தது. "டெர்மினலைக் கழட்டினா அழியிற மாதிரி வச்சிருந்தா, எல்லாரும் கழட்டி மாட்டிட்டு ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. அடுத்து கதவைத் தொடுறவங்களுக்கு என்ன ஆகும்? அதனாலதான் ஒருத்தர் அளந்து பாத்து, சரியா இருக்குன்னு சொன்னாத்தான் பூட்டு திறக்கும். யாரு திறந்தாங்கன்னு கம்பெனிலயும் பதிவாயிரும்."

தென்னங்குச்சியைச் செருக இங்கே இடமே வைக்கவில்லை என்று உதயசூரியனுக்குப் புரிந்தது. ஒருவிதத்தில் அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

வைஷ்ணவி தடித்த ரப்பர் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, மிச்சக் கரன்ட் வடியும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்தாள். எல்லாம் நல்ல அளவு காட்டியது. டார்ச் அடித்து ஒவ்வொரு ஆரஞ்சு கனெக்டராகப் பார்த்தாள். வெளியே பார்க்க எல்லாமே ஒழுங்காகப் பூட்டியிருந்தன. ஒன்றின் மேல் மட்டும் குங்குமப் பொட்டு இருந்தது. அவள் சிரித்துவிட்டு அதைக் கடந்துபோனாள்.

"இப்பக் காய்ஞ்சிருக்கு, அதான் சரியா காட்டுது. மழையில வந்துச்சுன்னு சொன்னீங்க. எங்கிட்டோ தண்ணி உள்ள போயிருக்கு. ஏன் சார், யாராச்சும் இந்த கனெக்டரைக் கழட்டினாங்களா? வெளி மெக்கானிக், வேற யாராச்சும்?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் உதயசூரியன் கண்முன்னால் கடைவீதி வந்தது. ஊர் மோட்டாரையெல்லாம் சரி பண்ணுகிறவன் தன் வண்டியைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று டீக்கடையில் பேசுவார்கள், உரக்கடை வாசலில் ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இல்லம்மா. யாரும் தொடலை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவன் கழற்றியபோது வண்டி தூங்கிக்கொண்டிருந்ததால் லேப்டாப்பிலும் அதற்கு ஒரு தடயம் இல்லை.

"அப்ப ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க. ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்துட்டு, தண்ணி அடிச்சு டெஸ்ட் பண்ணித் தாரேன்."

"சாயங்காலம் ஒரு டயாலிசிஸ் பேஷன்டைக் கூட்டிப் போகணும்மா. டெஸ்ட்தான் பாஸ் ஆயிருச்சே?"

வைஷ்ணவி யோசித்தாள். மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தாள். அளவு சரியாக இருக்கும்போது வண்டியைப் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பில் டெஸ்ட் ஓடி முடிந்தது, பூட்டு திறந்தது, அவள் அமுக்கினாள். டேஷ்போர்டு கழுவிவிட்டதுபோல் ஆனது.

"காரணம் கிடைக்காம அனுப்புறது எனக்கே மனசில்லைங்க சார். மறுபடி வந்தா ஓரமா நிறுத்திட்டு எங்களுக்குப் போன் பண்ணுங்க. ஓடுறப்ப வேகத்தைத்தான் குறைக்கும். ஆனா ஒருதடவை ஆஃப் பண்ணிட்டீங்கன்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். பாத்துக்கங்க."

சாயங்காலம் டயாலிசிஸ் சென்டர் வாசலுக்குப் போனான். வண்டி பழையபடி சத்தமில்லாமல் பாய்ந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வானம் திருவரங்குளம் பக்கம் கறுத்துக் கிடந்தது. செங்கமலம் நர்ஸின் கையைப் பிடித்து மெதுவாக வந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. பின்சீட்டில் சாய்ந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. வந்துட்டே. ஆட்டோவுல உசுரே போயிருச்சு தம்பி. நான் செத்த நேரம் கண்ணை மூடிக்கிறேன், வீடு வந்ததும் எழுப்பு."

உதயசூரியன் வண்டியை நகர்த்தினான். ஆலங்குடிச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

இத்தனை நாள் அந்தத் தப்பு டேஷ்போர்டில் எழுதி இருந்தது. இப்போது வண்டிக்கு எதுவும் நினைவில்லை. வைஷ்ணவிக்குத் தெரியாது, கம்பெனி சர்வருக்குத் தெரியாது, பின்சீட்டில் தூங்குகிறவருக்குத் தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். முந்திரிக்காட்டுக்கு நடுவில், கொட்டுகிற மழையில், வண்டி செத்து நின்றால் இந்த அக்காவை என்ன செய்வது? ஆண்டியப்பன் பட்டனைக் கட்டினார். நான் என் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆண்டியப்பனாவது விஷயம் தெரியாமல் செய்தார்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைத் திருப்பினான்.

சர்வீஸ் சென்டரில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். வைஷ்ணவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். மழை வலுக்குமுன் வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி அவள் முன்னால் நின்றான்.

"குங்குமம் வச்ச கனெக்டரை நான்தாம்மா கழட்டினேன். பூஜைக்குக் கழுவினப்ப. மாட்டுறப்ப முரண்டு பிடிச்சிச்சு, அழுத்தி மாட்டிட்டேன். காலையில ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். வயசில் மூத்தவன் என்பதால் மரியாதையாகத் திட்டுவாள், அது இன்னும் வலிக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவளோ பையைக் கீழே வைத்துவிட்டு அவன் கைகளைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையே சார்?"

"இல்லம்மா."

"நல்ல வேளை. டெர்மினலைக் கழட்டின ஒடனே தொட்டா உள்ள மிச்சக் கரன்ட் இருக்கும். இனிமே அதைத் தொடவே தொடாதீங்க." செங்கமலத்தை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி கையுறை மாட்டிக்கொண்டு, காலையில் செய்த எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, அந்த ஒரு கனெக்டரை மட்டும் கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கி நசுங்கியிருந்தது. உலோகப் பின்களின் ஓரத்தில் லேசாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "இதாங்க. காஞ்சா நல்லா இருக்கும், நனைஞ்சா கசியும். ரெண்டு நாள் தேடியிருப்பேன், அப்பவும் கிடைச்சிருக்குமோ என்னமோ. புது கனெக்டர் வரணும், வண்டி இங்கயே இருக்கட்டும்."

வாடகைக் கார் ஒன்றை வரவழைத்தார்கள். செங்கமலத்தைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றி, உதயசூரியன் முன்சீட்டில் உட்கார்ந்தான். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் ஒரே நாளில் இரண்டாவது தடவை. மழை கொட்டியது. டீசல் வண்டி உதறியது. செங்கமலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கக்கா. என் வண்டி கெட்டது என்னாலதான். மொதல்லயே எனக்குத் தெரியும். வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு ஒங்களை அதுல ஏத்திட்டேன்."

செங்கமலம் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருவரங்குளம் ஸ்டாப்பைத் தாண்டும்போதுதான் குரல் வந்தது.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வாரே?"

"வண்டி அதுக்குள்ள ரெடியாவுமான்னு தெரியலக்கா."

"வண்டியை யாரு கேட்டா? ஒன்னைத்தான் கேக்குறேன்."

"எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்துருவேங்கக்கா" என்றான். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.